அத்தாவிடம் பேச ஒரு புத்தகம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் நானும் என் தங்கையும் ஒரு சின்னப் புத்தகக் கடை வைத்திருக்கிறோம். வெயில் ஏறிவிட்டால் கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தில் புத்தகங்களைப் பற்றி ஷார்ட்ஸ் வீடியோ எடுப்போம். நான் பேசுவேன், அவள் போனைப் பிடிப்பாள்.

பெரியவர்களுக்குக் காது மந்தமாவதைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருந்தது. எழுதியவர் யார், எந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்றெல்லாம் கோவையாகச் சொல்லி வீடியோ போட்டேன். மறுநாள் தங்கை, பார்த்தவர்கள் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் வரைபடத்தைப் போனில் திறந்து என் முன்னால் நீட்டினாள். ஆரம்பத்திலேயே அதிலிருந்த கோடு சறுக்கி விழுந்திருந்தது.

"நீ புத்தகத்துப் பேரச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் போயிட்டாகக்கா."

எனக்கு வருத்தம்தான். அவ்வளவு நல்ல புத்தகம்.

அந்த வாரம் வீரசோழனிலிருந்து ஒரு பெண், மகளுக்கு அகராதி வாங்க வந்தார். அவர் போன் அடித்தது. அழைத்தது அவருடைய தகப்பனார். "அத்தா! வாரேன்! வாரேன்னு சொல்றேன்ல!" என்று அவர் கத்தியதில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். போனை வைத்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"மெதுவாப் பேசுனா கேக்கல. கத்துனா ஏன் ஏசுறேன்னு கோவிச்சுக்கிறாக. அத்தாகிட்டப் பேசுறதையே கொறச்சுட்டேங்க்கா."

நான் அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்ததும் அவர் யோசித்தார்.

"இதப் பாத்திருக்கேனே. உங்க வீடியோலதான். டாக்டருக்குப் படிக்கிறவுகளுக்குன்னு நெனச்சுத் தள்ளிவிட்டுட்டேன்."

யாருக்காகப் பேசினேனோ அவரே தள்ளிவிட்டிருக்கிறார். அவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனதும் தங்கையிடம் திரும்ப எடுப்போம் என்றேன்.

"வணக்கம் வேணாம். அட்டையவும் மொதல்ல காட்டாத," என்றாள் அவள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக் கதையைத் தொடவில்லை. கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். "நீங்க பேசுறது அப்பாவுக்குக் கேக்கல. கத்துனா திட்டுறதா நெனைக்கிறாரு. என்ன செய்வீங்க?" என்று நேராக ஆரம்பித்தேன். டிவியை நிறுத்துங்கள், உங்கள் முகம் அவருக்குத் தெரிகிற மாதிரி உட்காருங்கள், புரியாவிட்டால் அதையே உரக்கச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள். புத்தகத்திலிருந்து இவ்வளவுதான். காதைப் பரிசோதிப்பதையும் தள்ளிப்போடாதீர்கள் என்று சேர்த்தேன். அதன் பிறகுதான் அட்டையைக் காட்டினேன்.

இந்த முறையும் கோடு இறங்கத்தான் செய்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அட்டை வரும்வரை இருந்தார்கள். "படிச்சா காது கேட்டுருமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "கேட்காதுங்க. வீட்டுல பேச்சு நின்னுபோகாம இருக்க உதவும்," என்று பதில் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண் மறுபடி வந்தார். தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்திருக்கிறார். காதில் மாட்டும் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறார்களாம்.

"வீட்ல எப்படிம்மா?" என்றேன்.

"எதுக்க ஒக்காந்து பேசுறேங்க்கா. நேத்து ரொம்ப நாளைக்கப்புறம் எங்கூடச் சண்ட போட்டாக. மீன் கொழம்புல புளி கூடிப்போச்சாம்!" என்று சொல்லி அவர் சிரித்தார்.