வனஜா கட்டிய ஊர்

கொரட்டூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தேன். அடுத்ததில் வனஜா கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். 1995ஆம் வருஷம். என் மிஷின்கள் போடும் இரைச்சலுக்கு நடுவே அவள் பாட்டுக்கு ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மதிய வகுப்பு முடிந்து ஜன்னல் வெயில் மேஜைமேல் சாயும் நேரத்தில் திரையில் அந்த ஊர் எழும். சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள், தொழிற்சாலைகள், ரோடுகள், ஓர் ஏரி, குறுக்கே தண்டவாளம், கடக்க ஒரே ஒரு கேட். அவளே எழுதிய விளையாட்டு. ஆடுகிறவர்தான் ஊர்த் தலைவர்; வரி போடலாம், ரோடு போடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நூறு மார்க் சந்தோஷம். வரி ஏறினால் மார்க் குறையும். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் நெரிசல் இருந்தாலும் குறையும். மார்க் நாற்பதுக்குக் கீழே இறங்கினால் வீடு காலி.

அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டேயிருப்பாள். கூப்பிட்டாலும் காது கேட்காது. கனவில் நடக்கிறவளை எழுப்பக்கூடாது என்று நானும் விட்டுவிடுவேன்.

எங்கள் சென்டரை அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். எனக்கு எங்காவது டைப் அடிக்கிற வேலை கிடைத்துவிடும். அவளுக்கு இந்த ஊர்தான் கதி. விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனி திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தது. பிடித்தால் வேலை.

ஆனால் ஆட்டத்தின் பன்னிரண்டாம் வருஷம் தவறாமல் ஊர் காலியானது.

"வரியைக் கம்மி பண்ணிட்டேன்கா, அப்பவும் போறாங்க" என்றாள். வரி குறைந்தால் ரோடு பராமரிக்கப் பணமில்லை. ரோடு பழுதாகிக் கட்டம் கட்டமாக மறைந்தது. மிச்சமிருந்த ரோடெல்லாம் அந்தக் கேட்டில் போய் முட்டியது. வரியை ஏற்றினாலோ அதற்கே கோபித்துக்கொண்டு போனார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சனிக்கிழமை கஜபதி வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர்; ஷிப்ட் முடிந்து கம்ப்யூட்டர் கற்க வருவார். பின்னால் நின்று பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, கேட் மூடுனா ஊட்டையே காலி பண்றானுங்க? நான் தெனம் கொரட்டூர் கேட்டுல அரை மணி நேரம் நின்னுகினு கீறேன். காலி பண்ணிட்டனா?"

"ஏன் பண்ணல?" என்றாள் வனஜா.

"எங்க போறது? புது ஊட்டுக்கு அட்வான்ஸ் எவன் குடுப்பான்? மேஸ்திரி திட்டுவான், பொண்டாட்டி திட்டுவா. அவ்ளோதான்."

வனஜா திரையிலிருந்த கேட்டைப் பார்த்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது: இரண்டு நாளில் கம்பெனிக்குப் போகவேண்டியவளிடம் வந்து பேச்சைப் பாரு!

ஞாயிறு முழுக்க அவள் உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்தாள். சந்தோஷம் ஒரு கணக்கு, ஊரைவிட்டுப் போவது வேறு கணக்கு. மார்க் குறைந்தாலும், வேறிடத்தில் குடியேறுகிற அளவு சேமிப்பு இருக்கிற வீடுதான் காலியாகும். மற்றவர்கள் மார்க் இறங்க இறங்க அங்கேயே இருப்பார்கள். ஊர் ஐம்பது வருஷம் தாண்டியது. ஜனத்தொகை குறையவேயில்லை. மார்க் இறங்கிய வீடுகள் மட்டும் திரையில் தெருத்தெருவாகச் சிவந்தன. அது தூக்கத்தில் வியர்க்கிற ஊர்போல இருந்தது.

நான் அவள் தோளைத் தட்டினேன். "பழசையே காட்டுடி. இதுல ஒருத்தரும் போகமாட்டேங்குறாங்க. அப்புறம் ஆட்டத்துல தோல்வி எங்க?"

"பழசு பொய்க்கா."

திங்கட்கிழமை துணைக்கு நானும் போனேன். கம்பெனி அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பத்து நிமிஷம் ஆடினார். நான் பயந்த அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"ஜனங்க இருக்காங்க. வரி வருது. ஆனா எல்லாரும் சிவப்பு. இவ்வளவு கஷ்டத்துலயும் ஏன்மா ஊரை விட்டுப் போகல? ப்ரோக்ராம்ல தப்பா?"

வனஜா அவர் பக்கம் திரும்பினாள்.

"தப்பில்ல சார். காலியாகாத ஊரு நல்லா இருக்குன்னு நானும் நெனச்சேன். அவங்களுக்குப் போக எடமில்ல, அவ்ளோதான். அவங்க இருக்காங்கன்றதால நீங்க ஜெயிச்சதா ஆவாது."

அவர் எங்களைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வரியை ஒரு புள்ளி ஏற்றினார். வீடுகள் இன்னும் சிவந்தன. அந்தப் பணத்தில் தண்டவாளத்துக்குக் கீழே சுரங்கப்பாதை ஒன்று போட்டார். ஒரு தெரு மார்க் ஏறி மெல்ல மஞ்சளானது. "ஆ!" என்றார் சின்னப்பிள்ளை மாதிரி. அடுத்த தெருவுக்குப் போனார். சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை. ஒரு பையன் கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படிந்தது.

நாங்கள் நின்றுகொண்டேயிருந்தோம். கால் வலித்தது, பசித்தது. வனஜா அவர் தோளுக்குமேல் எட்டி, அந்தத் தெருக்களையே பார்த்தாள்.

மூன்று மணிக்கு அவர் நிமிர்ந்தார். ஏரிக்கரையோரம் ஒரே ஒரு வீடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"இவங்களுக்கு என்ன பண்ணணும்னு தெரியலையேம்மா" என்றார். "நாளைக்கே வேலைக்கு வந்துடு. சேர்ந்து பாக்கலாம்."