ஒன்பது பேர் போட்ட அழைப்பு

ஆபீஸில் அவளுக்குக் காலண்டர் அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. முதலாளி யாரை எப்போது பார்ப்பது, எந்த அறையில் உட்காருவது, யார் வந்தால் காபி, யார் வந்தால் வெறும் தண்ணீர் என்பதெல்லாம் அவள் கையில். பிஸ்கட்டுக்கு உறை அச்சடிக்கிற அந்தக் கம்பெனியில் மை தீர்ந்தால்கூட இரண்டு நாள் சமாளித்துவிடுவார்கள், அவள் லீவு போட்டால் முதலாளிக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடும்.

இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, பன்னிரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பெரிய மனுஷர்களை மேய்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

இந்தத் தடவை மேய்க்க வேண்டியிருந்த ஆசாமி வெளியாள். பெரிய பிஸ்கட் கம்பெனியின் கொள்முதல் மேலாளர். வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே இரண்டாவது மெஷின் ஓடும். அந்த மெஷினே அவர்களுக்காக வாங்கினது. ஒப்பந்தம் மாசக் கடைசியோடு முடிகிறது. மெஷினில் நான்கு ஆபரேட்டர்கள். நால்வரில் ஒருவர் காலண்டர் அக்காவின் வீட்டுக்காரர். ஆக, இது முதலாளியின் கவலை மட்டுமில்லை, அவள் வீட்டு அடுப்பின் கவலையும்தான்.

“ஒரு மீட்டிங் போடும்மா. நேர்ல உக்காந்து பேசி முடிச்சிடலாம்” என்றார் முதலாளி.

“யார் யார் சார்?”

“நானு, சேல்ஸ். போதும்.”

போதும் என்றவர் மத்தியானத்துக்குள் தன் பையனைச் சேர்க்கச் சொன்னார். கணக்கு அதிகாரி, “விலை பேசும்போது நான் இல்லாம எப்படி?” என்று முகத்தைத் தூக்கினார். கணக்கைச் சேர்த்தால் உற்பத்தியை விட முடியுமா? உற்பத்தியைச் சேர்த்தால் தரக்கட்டுப்பாடு கோபித்துக்கொள்ளும். அப்புறம் லாரி அனுப்புகிறவர், அப்புறம் மாசம் ஒருமுறை வந்து போகிற ஆலோசகர். கடைசியில் முதலாளியின் மச்சான். அவர் கம்பெனி வக்கீல். அவரை விட்டுவிட்டால் முதலாளிக்கு வீட்டில் சாப்பாடு கிடைக்காது. ஒன்பது பேர்.

இது அதிகம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு பெயரை எடுத்தால் ஒரு மாசம் தூக்கி வைத்த மூஞ்சியைப் பார்க்க வேண்டும். ஒரு பெயரைச் சேர்க்க ஒரு விநாடி. அவள் விநாடியைத் தேர்ந்தெடுத்தாள். ‘ஒப்பந்தம் – கலந்தாய்வு’ என்று தலைப்புப் போட்டு, இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அழைப்பை அனுப்பினாள்.

இந்த ஒன்பது பேரும் உடனே சம்மதம் தெரிவித்தார்கள். வர வேண்டியவர் மட்டும் தெரிவிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவள் கண்டுகொள்ளவில்லை. பெரிய இடம், ஆயிரம் வேலை இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து முதலாளி கதவு வழியாகத் தலையை நீட்ட ஆரம்பித்தார். “வந்துச்சா?” “இன்னும் இல்ல சார்.” அழைப்பு கிணற்றில் போட்ட கல் மாதிரி அப்படியே கிடந்தது.

போன் போட்டுக் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றாமலில்லை. சேல்ஸ் மேனேஜர்தான் தடுத்தார். “வேணாம்மா. நாமளா வலியப் போனா, இவங்களுக்கு வேற கதி இல்லன்னு விலையில கை வைப்பாங்க. கொஞ்சம் விட்டுப் பிடிப்போம்.” விட்டுப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். இதுவரை எதையும் பிடித்ததாகத் தகவல் இல்லை.

காலண்டர் அக்காவுக்கும் அது ஒத்துப்போனது. போன் போட்டுக் கெஞ்சுவது அவள் கணக்கில் தரக்குறைவு. அவளிடம் அதைவிட நாசூக்கான வித்தை ஒன்று இருந்தது. அழைப்பின் நேரத்தைக் கொஞ்சம் மாற்றினால் எல்லாருக்கும் புதிதாக ஒரு தகவல் போகும். கேட்டது மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். பத்து மணியைப் பதினொன்றாக்கினாள். பதில் இல்லை. மறுநாளைக்கு மாற்றினாள். பதில் இல்லை. வாரம் தாண்டியது. அறையை மாற்றி, பெரிய அறையாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் நம்மவர்கள் ஒன்பது பேரும் தவறாமல் சம்மதித்தார்கள். அவர்களுக்கு வேறென்ன வேலை!

வீட்டில் வீட்டுக்காரர் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார், “அந்த ஆளு பதில் போட்டாரா?”

“போடுவாரு.”

“ரெண்டாவது மெஷின நிறுத்தப் போறாங்கன்னு கீழ பேசிக்கிறாங்க.”

“கீழ பேசுறதெல்லாம் நம்பாதீங்க. மேல இருக்கிறவ நான் சொல்றேன்ல?”

“ஏம்மா, ஒரு போன் போட்டா என்ன கொறஞ்சிடும்? என் மெஷின் நின்னா நான் ஃபிட்டருக்கு லெட்டர் எழுதிட்டா உக்காந்திருக்கேன்? போய்க் கூட்டிட்டு வரேன்.”

“மெஷினும் மனுஷனும் ஒண்ணா? இதுல எல்லாம் ஒரு முறை இருக்கு” என்றாள் அவள். அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். இந்த வீட்டில் ஆபீஸ் விஷயத்தில் அவள் பேச்சுதான் கடைசி. ஆனால் அன்று படுத்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து, பழைய மெயிலுக்குக் கீழேயே நான்கு வரி எழுதினாள். ஒப்பந்தம் மாசக் கடைசியோடு முடிகிறது, அதற்கு முன்னால் உங்களோடு பதினைந்து நிமிஷம் பேசினால் போதும். எங்கள் தரப்பில் இருவர் மட்டும். புதன் காலை அல்லது வியாழன் மாலை, போனிலும் பேசலாம். இதற்கு வேறு யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் அவர் பெயரைச் சொன்னால் போதும். முன்பு அனுப்பிய பெரிய அழைப்பை ரத்து செய்தாள். ‘ஞாபகப்படுத்துகிறேன்’, ‘மூன்று முறை அனுப்பியும்’ என்கிற குத்தல் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம்வரை பொறுத்தாள். மறுநாள் காலை, மனுஷர் முதல் காபி முடித்திருப்பார் என்கிற நேரம் பார்த்துப் போனை எடுத்தாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். இப்பதான் உங்க மெயில் பாத்தேன். நானே பேசணும்னு இருந்தேன். கேஸ் ஒண்ணும் போடலதானே?”

“கேஸா? என்ன கேஸ் சார்?”

“அதான, என்ன கேஸ்னுதான் நானும் எங்க ஆளுங்ககிட்ட கேட்டேன். பதினோரு வருஷமா வாங்குறோம், இத்தன வருஷமும் ஒரே ஒருத்தர் வந்து டீ குடிச்சிட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போவாரு. இந்த தடவ பாத்தா ஒன்பது பேரு, ரெண்டு மணி நேரம். அதுல ஒருத்தர் வக்கீல். என்ன விஷயம்னு ஒரு வரி இல்ல. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. எங்க லீகலுக்கு அனுப்பினேன். அவங்க, நாங்க சொல்ற வரைக்கும் வாயத் திறக்காதீங்கன்னுட்டாங்க.”

அவள் திரையில் அந்தப் பழைய அழைப்பைத் திறந்து, ஒன்பது பெயரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

“அப்புறம் நேரத்த மாத்தி மாத்தி வேற வந்துச்சா, சரிதான், நெருக்குறாங்கன்னு முடிவே பண்ணிட்டாங்க. பெரிய ரூம் வேற போட்டிருந்தீங்க. நான் சொன்னேன், பழகுன எடம், ஒரு போனாவது வரும் பொறுங்கன்னு. நானே போன் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு. உங்க போனுக்குத்தான் பாத்துட்டிருந்தேன்.”

“இப்ப பண்ணிட்டேனே சார்.”

“பண்ணிட்டீங்க” என்றார். “வெள்ளிக்கிழம பாதி ஆர்டர வேற எடத்துக்குக் குடுத்துட்டோம் மேடம். எங்களுக்கும் உறை இல்லாம பிஸ்கட் போட முடியாதில்ல? மீதிப் பாதிக்கு வாங்க, பேசலாம். புதன்கிழம சரி. ரெண்டு பேர்னா ரெண்டே பேரு.”

வெள்ளிக்கிழமை. அன்றுதான் அவள் பெரிய அறையைப் போட்டாள். போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு ஆன கதைதான். ஆனால் களிமண்ணைப் பிசைந்தவள் அவளே அல்லவா?

புதன்கிழமை முதலாளியும் சேல்ஸ் மேனேஜரும் போனார்கள். டீ குடித்தார்கள். பாதி ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, பதினைந்து நிமிஷத்தில் பேச்சை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். முதலாளிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

“பாத்தியாம்மா? முழுசும் போக வேண்டியது. விடாம நின்னோம், பாதியக் காப்பாத்திட்டோம்.”

“விட்டுப் பிடிச்சோம் சார்” என்றார் சேல்ஸ் மேனேஜர்.

அவள் நடந்ததைச் சொன்னாள். ஒன்பது பேர், வக்கீல், நேரம் மாற்றியது, எல்லாவற்றையும். தன் பங்கையும் ஒளிக்கவில்லை. முதலாளி பொறுமையாகக் கேட்டார். “இந்தக் காலத்துல யாருக்கும் நம்பிக்கையே இல்லம்மா” என்று பிஸ்கட் கம்பெனிக்காக வருத்தப்பட்டார்.

பாதி ஆர்டருக்கு முதல் மெஷினே தாங்கும். இரண்டாவதை விற்றுவிடலாம், அதன் ஆபரேட்டர்கள் நால்வரையும் நிறுத்திவிடலாம் என்று அன்று மத்தியானமே முடிவாயிற்று. கணக்கு அதிகாரி முகத்தைத் தூக்கவில்லை, மச்சான் வக்கீல் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த விஷயத்தில் யாருக்கும் எந்தப் பிணக்கும் இல்லை.

“அந்த நாலு பேருக்கும் நாளைக்கு ஒரு மீட்டிங் போட்டுடும்மா. அவங்ககிட்ட நேர்ல சொல்றதுதான் மரியாத” என்றார் முதலாளி.

“யார் யார் சார் வரீங்க?”

“நாங்க எதுக்கு? ஆள் எடுக்கிற அதிகாரி ஒருத்தர் போதும். கூட்டம் சேக்காத, பயந்துடுவாங்க.”

அவள் மேஜைக்குத் திரும்பினாள். போன் போடலாமா என்று நினைத்தாள். கீழே இறங்கிப் போய்விடலாமா என்றும் நினைத்தாள். எந்த வாயால் சொல்வது? மேல இருக்கிறவ நான் சொல்றேன்ல என்று சொன்ன அதே வாயாலா? மானம் போகிற நேரத்திலும் அவளுக்குக் கைவந்த வழி ஒன்றுதான். ‘பணி – கலந்தாய்வு’ என்று தலைப்புப் போட்டாள். சிறிய அறை. அரை மணி நேரம். நான்கு பெயர்கள். மூன்றாவது பெயரை அடிக்கும்போது பார்வை கலங்கி, எழுத்தை இரண்டு தடவை திருத்த வேண்டியிருந்தது. அனுப்பிவிட்டாள்.

மெஷின்காரர்களின் போனிலும் கம்பெனி மெயில் உண்டு. அவள் கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் முதல் பதில் வந்து நின்றது. வீட்டுக்காரருடையது. சம்மதம் என்ற பொத்தானை அழுத்தினது போதாதென்று, மேலிடத்து அழைப்பாயிற்றே என்று ஒரு வரி வேறு எழுதியிருந்தார்.

“கட்டாயம் வருகிறேன் மேடம்.”

ஊரில் எவன் எவனோ வாரக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருக்கிறான். இந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள் பதில் போடாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.