இடுப்பு மூட்டுக்கு நான் போட்ட மதிப்பெண்

என் தங்கை பிசியோதெரபி கடைசி வருடம் படித்தபோது, செய்முறைத் தேர்வுக்கு முன்னால் கிடைத்த பத்து நாள் லீவுக்கு ஆரணிக்கு வந்தாள். பையில் துணியைவிடத் தாள்தான் அதிகம். அதிலிருந்து ஒன்றை உருவி என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, நீதான் என் பேஷண்ட். எக்ஸாமினரும் நீதான்."

"நான் ஏழாவதுதான் படிச்சிருக்கேன்டி."

"தமிழ்ல எழுதிக் குடுக்கறேன். நான் செய்யச் செய்ய டிக் போடு. அவ்ளோதான்."

இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அம்மா போன பிறகு அவள் எங்களோடுதான் இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பட்டுத்தறி. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கும் பயம். அவள் பஸ் ஏறினால் அது ஊர் போய்ச் சேர்கிறவரை எனக்குத் தறியில் ஊடை நூல் ஓடாது. அப்படிப்பட்டவளிடம் ஒரு பரீட்சையின் பென்சிலைக் கொடுத்தாள்.

தாளில் இடுப்பு மூட்டைச் சோதிப்பதற்கு இருபது வரிகள் இருந்தன. வரிக்கு ஒரு மதிப்பெண். பரீட்சையில் வரிசையாக மேசைகள் போட்டிருப்பார்களாம். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி, ஒரு ஆசிரியர். மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஆசிரியர் கையிலும் இதே தாள்தான் இருக்குமாம். மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தது. அதில் ஒன்றை விட்டாலும் மற்றது எத்தனை வாங்கினாலும் அந்த மேசை பெயில். ஒரு மேசை போனால்கூட ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுதலாம். கூடப் படித்தவர்களெல்லாம் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குப் போய்விடுவார்கள், அவள் மட்டும் நிற்பாள்.

கையைக் கழுவுவது, பெயர் சொல்லி அனுமதி கேட்பது, எங்கே வலி என்று தொடுவதற்கு முன்பே கேட்பது, இவை முதல் வரிகள். பிறகு நடக்கச் சொல்லி முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வைத்து, தூக்கிய கால் பக்கத்து இடுப்பு கீழே சரிகிறதா என்று பார்க்க வேண்டும். படுக்க வைத்து, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள்கணுக்கால் வரை டேப் பிடித்து இரண்டு காலையும் அளக்க வேண்டும். பிறகு மூட்டை அசைத்துப் பார்ப்பது. முதலில் நோயாளி தானாக அசைக்க வேண்டும், அப்புறம் இவள் அசைக்க வேண்டும்.

முதல் நட்சத்திரம், அசைக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்ப்பது. வலித்தால் முகம்தான் முதலில் சொல்லுமாம். இரண்டாவது, காலைப் பக்கவாட்டில் விரிக்கும்போது இடுப்பு கூடவே நகராமல் இன்னொரு கையால் பிடிப்பது. மூன்றாவது தாமஸ் டெஸ்ட்.

அதை அவள் எனக்கு நன்றாகவே விளக்கினாள். இடுப்பு மூட்டு மடங்கியபடி இறுகிப் போனவர்கள், மல்லாந்து படுத்தால் முதுகை வில்போல வளைத்துக்கொண்டு தொடையைத் தரையில் படிய வைத்துவிடுவார்கள். பார்க்கிறவருக்குக் கால் நேராக இருக்கிற மாதிரி தெரியும். அதனால் அடிமுதுகின் பள்ளத்தில் ஒரு கையை நுழைத்து வைத்துக்கொண்டு, நல்ல காலை வயிற்றை நோக்கி மடக்க வேண்டும். முதுகு கையின்மேல் அழுந்துகிறவரை மடக்க வேண்டும். அப்போது இறுகிய பக்கத்துத் தொடை தானாக மேலே எழும்பும். எத்தனை டிகிரி எழும்புகிறதோ அதுதான் கணக்கு.

விளக்கியவள் செய்யவில்லை. எங்கள் மரக்கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது, ஒரு பக்கம்தான் அவள் நிற்க முடியும். குனிந்து கையை நுழைப்பது அவளுக்குச் சிரமமாக இருந்தது.

"கை உள்ள வச்சிட்டேன்னு வச்சிக்கோக்கா," என்று சொல்லிவிட்டு என் வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாள். "எடது தொட எழும்பல. நார்மல். டிக் போடு."

போட்டேன்.

அன்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒரு வருடமாக இடது தொடை இடுக்கில் வலி. காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழியிலிருந்து எழும்போது நான்கு அடி நடந்த பிறகுதான் கால் என் காலாகும். அந்தக் கால் நகத்தை வெட்ட முடியாமல் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தறியில் உட்காராதே என்பார்கள், உட்காராவிட்டால் வேறென்ன செய்வேன் என்று எனக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். தங்கை சோதிக்க வந்ததும் முதல் பயம், கண்டுபிடித்துவிடுவாளோ என்பது. அடுத்த பயம், கண்டுபிடித்தால் அதையே நினைத்துக்கொண்டு பரீட்சையைக் கெடுத்துக்கொள்வாளோ என்பது.

அதனால் தொடையைக் கட்டிலோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன். முதுகு மேலே தூக்கியது எனக்கே தெரிந்தது. அந்த இடைவெளியில் ஒரு தலையணை நுழையும். அவள் கை அங்கே இல்லை.

காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பும்போதுதான் உயிர் போகும். அதற்கும் வழி இருந்தது. தாளும் பென்சிலும் என் கையில்தானே. படுத்தபடி தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, எழுத்தைத் தேடுகிறவள்போல உதட்டைக் கடித்துக்கொள்வேன். முகத்தைப் பார்க்க வேண்டிய நட்சத்திரத்துக்கு அந்தத் தாளுக்குப் பின்னாலிருந்தே டிக் போட்டேன்.

தறியில் இருந்த என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். "இன்னா, பேஷண்டே மார்க் போட்டா எவன் பெயிலாவான்?"

"மாமா, நீங்க வந்து படுங்க, அப்ப தெரியும்," என்றாள் தங்கை.

"எனக்கு இடுப்பு சரியாத்தான் கீது. ஒங்க அக்காதான் நொண்டிகினு இருக்கா."

"உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு," என்று நான் முந்திக்கொண்டேன். தங்கை என்னைப் பார்த்தாள். நடக்கச் சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டினேன். சிரித்துவிட்டாள்.

பத்து நாளில் அந்தத் தாளைப் பதினைந்து தடவையாவது ஓட்டியிருப்போம். எல்லாத் தடவையும் இருபதுக்கு இருபது. ஒருமுறை மட்டும், டேப்பைக் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் வைத்ததற்கு ஒரு டிக்கை நிறுத்தினேன். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் திரும்பப் போட்டுவிட்டேன். அவள் பஸ் ஏறும்போது, "இடுப்பு வந்தா தூக்கத்துலகூட செஞ்சிடுவேன்கா," என்றாள்.

இடுப்புதான் வந்தது.

நோயாளி ஒரு வயதானவராம், நெல் மூட்டை தூக்கியவராம். மல்லாந்து படுத்திருந்தார். தங்கை அனுமதி கேட்டாள், நடக்க வைத்தாள், அளந்தாள், எல்லாம் செய்தாள். தாமஸ் டெஸ்டில், பதினைந்து தடவை வீட்டில் செய்தபடியே, கையை நுழைக்காமல் நல்ல காலை மடக்கி, அடுத்த தொடை எழும்பவில்லை, நார்மல் என்றாள். ஆசிரியர் எழுந்து வந்து, தன் கையைப் பெரியவரின் முதுகுக்குக் கீழே விட்டார். மணிக்கட்டு வரை தாராளமாகப் போனது. பிறகு முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கினார். முதுகு இறங்கியது, மறுபக்கத் தொடை கட்டிலைவிட்டு எழும்பி நின்றது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

மற்ற மேசைகளெல்லாம் தேறியிருந்தாள். அந்த ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் மாடியிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் தறிக்குப் பாவு நூலை நனைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுதான்கா புரியல. வீட்ல அத்தினி வாட்டி செஞ்சேன். ஒரு வாட்டிகூட தப்பு வரல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதம் கழித்து மறுதேர்வு நெருங்கும்வரை திறக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அவளுடைய தோழிகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, இன்று இதைப் பார்த்தோம் அதைப் பார்த்தோம் என்பார்கள். அவள் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுவிட்டு, செல்லை என் வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள்.

மறுதேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாள். தாளை என் கையிலிருந்து பிடுங்கி ஜன்னலில் வைத்தாள். "இந்த வாட்டி நீ சும்மா படு." முதுகுக்குக் கீழே கையை நுழைத்தாள். நான் தொடையை அழுத்தினேன். அவள் முழங்காலை மடக்க மடக்க, என் முதுகு அவள் கையை நசுக்கியது, அதற்குமேல் அழுத்த எதுவும் இல்லை. இடது தொடை எழும்பிவிட்டது.

அவள் நிமிரவில்லை. கோணம் அளக்கும் பிளாஸ்டிக் கருவியை எடுத்து வைத்துப் பார்த்தாள். பிறகு காலை உள்பக்கம் திருப்பினாள், இந்த முறை என் முகத்தைப் பார்த்தபடி.

"எவ்ளோ நாளா?"

"ஒன்னரை வருஷம் இருக்கும்."

"அப்போ, நான் அன்னிக்கு வந்தப்பவே?"

"ஆமாம்."

"நான் கை வைக்கல. அது ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

படுத்திருந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா. "தெரியும்," என்றேன்.

"தெரிஞ்சேவா டிக் போட்ட?"

உன் முகம் வாடக் கூடாதென்று போட்டேன் என்றேன். உனக்குப் பயம் வரக் கூடாதென்று வலியை மறைத்தேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது காரணமாகத் தோன்றவில்லை.

"ஒரே ஒரு வாட்டி, கை எங்கடின்னு கேட்டிருந்தா போதுமே அக்கா. தொடைய அழுத்தாம சும்மா படுத்திருந்தாகூட நானே கண்டுபிடிச்சிருப்பேன். தப்பா கத்துகினதே ஒன்மேலதான்." கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். கத்தியிருக்கலாம்.

மறுதேர்வில் தேறினாள். தன்னைவிடச் சின்னவர்களோடு பயிற்சி முடித்து, வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். இடது மூட்டு தேய்ந்து இடைவெளி குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். முன்னமே வந்திருந்தால் இவ்வளவு இறுகாமல் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, தங்கை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சில பயிற்சிகள் எழுதிக் கொடுத்தாள். அரை மணிக்கொரு முறை குழியிலிருந்து எழுந்து நடக்க வேண்டும் என்றாள். அந்தத் தாளில் டிக் போடக் கட்டம் எதுவும் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். என் பிள்ளைகள், மழை, தறி எல்லாம் விசாரிப்பாள். கடைசியில், "இடுப்பு எப்டிக்கீது?" என்பாள்.

"பரவால்லடி. போன வாரத்துக்கு இப்ப தேவல," என்பேன். வலி கூடிய வாரங்களிலும், நிஜமாகவே தேவலையாக இருக்கும் வாரங்களிலும் அப்படித்தான் சொல்கிறேன்.

பிறகு சொல்வாள்:

"சரி, போனை மாமாகிட்ட குடு. நீ எப்டி நடக்குறன்னு அவர கேட்டுக்குறேன்."