மஞ்சளில் எது கறை

கட்டுக்கழுத்தியாகச் செத்தவளைத் தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோக்காரி தாலியறுத்தவளாக்கிவிட்டாளாம். இதைச் சொன்னவர் ஷார்ஜாவில் என் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் வலங்கைமான்காரர். அவருக்கு அவருடைய மச்சான் சொன்னது. மச்சானுக்கு யார் சொன்னார்களோ.

"பழைய போட்டோவ கம்ப்யூட்டர்ல கழுவுறேன்னு, சேலையையே வெளுத்துப்புட்டாளாம் பாய்."

எந்த ஸ்டுடியோ என்று கேட்டேன். கீழவாசல் பக்கம் என்றார். கீழவாசலில் பழைய படம் சரிசெய்யும் பெண் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். ஹுமைரா. என் மாமி மகள். எங்கள் ஊர் வழக்கப்படி என்னை அண்ணனாக்கிக் 'காக்கா' என்று கூப்பிடுபவள்.

அதிராம்பட்டினத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தஞ்சாவூரில் அமிர்தலிங்கம் என்பவரின் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் அடுக்கும் வேலைக்குப் போனவள் அவள். பெண்ணின் நிறத்தை இரண்டு படி ஏற்றச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். ஏற்றுவாள். வாரக் கடைசியில் ஊருக்கு வந்தால், "இந்த வாரமும் நாலு கறுப்புப் புள்ளையள மாவுல முக்கி எடுத்தேன் உம்மா" என்பாள். அந்த வெறுப்பில்தான் பழைய படங்கள் பக்கம் ஒதுங்கினாள். செத்தவர்களின் நிறத்தை ஏற்றச் சொல்லி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள். ஒட்டும் பக்கங்கள் வைத்த அந்தக் காலத்து ஆல்பங்களில் பசை கோடுகோடாக மஞ்சளித்துப் படத்தின் மேல் ஏறியிருக்கும். ஒரு பட்டை பழுப்பு, அடுத்த பட்டை வெளிர்மஞ்சள், நடுவில் கொஞ்சம் நல்ல இடம். மற்ற கடைகளில் ஒரே பொத்தானை அழுத்தி முழுப்படத்துக்கும் மஞ்சளை இறக்குவார்கள். கறை அதிகமான ஓரம் அப்படியே மஞ்சளாக நிற்கும். நல்லாயிருந்த நடுப்பகுதி நீலம் பாரிக்கும். முகம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். ஹுமைரா ஸ்கேனரின் தானியங்கித் திருத்தத்தை எல்லாம் அணைத்துவிட்டு, படத்தை உள்ளபடி எடுப்பாள். பிறகு ஒவ்வொரு பட்டையிலும் உண்மையில் வெள்ளையாக இருந்த ஏதாவது ஒன்றைத் தேடுவாள். படத்தின் வெள்ளை விளிம்பு, ஒரு வேட்டி, சுண்ணாம்புச் சுவர். அது எவ்வளவு மஞ்சளித்திருக்கிறதோ அவ்வளவை மட்டும், அந்தப் பட்டையில் மட்டும், ஓரங்களைக் கரைத்துவிட்டு இறக்குவாள். தோலைத் தனியாகத் தொடவே மாட்டாள்.

துரைராசு வந்தது ஒரு மத்தியானம். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். பண்ணையில் ஆளாக இருந்து, பின்னால் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். மனைவி தங்கம்மாள் இறந்திருந்தாள். படத்திறப்புக்குப் பெரிய படம் வேண்டும். அவள் வாழ்நாளில் எடுத்தது ஒன்றுதான். கோயில் வாசலில் இருவரும் சேர்ந்து நிற்பது.

"என்னை வெட்டிடு பாப்பா. அவ மட்டும் போதும்."

"நீங்களும் இருக்கட்டுமே, மாமா. நல்லாத்தான இருக்கீங்க."

"உசுரோட இருக்கவனுக்கு எதுக்கு மாலை? எனக்கு அப்புறமா போட்டுக்குவாங்க. எம் மவன் அதுக்கும் உங்கிட்டதான் வருவான், விடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கேட்டபடி ஹுமைரா ஸ்கேனரில் தங்கம்மாள் நின்ற பாதியை மட்டும் வரம்பு கட்டி, பெரிதாக எடுத்தாள். மூலப்படத்தைக் கையோடு கொடுத்துவிட்டாள். விளிம்பும் போயிற்று, துரைராசுவும் போனார், அவருடைய வெள்ளை வேட்டியும் போயிற்று.

மீதி இருந்ததில் வெள்ளை என்று அவள் கண்ணுக்குப் பட்டது தங்கம்மாளின் சேலை. வெளிர்மஞ்சள். அதன் மேலேயே பசைப்பட்டையும் ஓடியது. எங்கள் ஊரில் பெரிய பொம்பளைகள் வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் தெருவில் இறங்குவார்கள். வெள்ளை உடுத்திய பெண்ணைப் பார்த்தால் எங்களில் யாருக்கும் திடுக்கென்று ஆகாது. ஹுமைரா சேலையை வெள்ளையென்று வைத்து, அது வெள்ளையாகும்வரை மஞ்சளை இறக்கினாள். முகம் கொஞ்சம் வெளிறியது. கறை போனால் அப்படித்தான் என்று நினைத்தாள்.

படம் சட்டம் போட்டுக் கட்டித் தயாரானபோது, "பிரிச்சுப் பாக்குறீங்களா மாமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வேணாம். அன்னைக்கு எல்லாரோடயும் சேந்து பாத்துக்குறேன்."

பார்த்தார்.

மறுநாள் மகன் பகலவன் படத்தைக் கொண்டுவந்து ஹுமைராவின் மேசையில் கவிழ்த்து வைத்தான். பள்ளிக்கூட வாத்தியார், கத்தவில்லை.

"எங்கப்பாவுக்கு மஞ்சக்காமாலை முத்தி, பொழைக்கமாட்டாருன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டுச்சு. பொழைச்சாரு. பாடைக்காவடியில அவரைப் பொணம் மாதிரி படுக்கவச்சுத் தூக்கிட்டுப் போயி, கோயில்ல எழுப்பிவிட்டாங்க. எழுந்து குளிச்சு, வேட்டி மாத்திக்கிட்டு எடுத்த படம் அது. எங்கம்மா கட்டியிருந்தது வேண்டுதல் சேலைங்க. மஞ்சள்ல நனைச்சது. முகத்துலயும் மஞ்சள். தாலிக்கயிறும் மஞ்சள். நீங்க ஒண்ணு விடாம எடுத்துட்டீங்க."

ஹுமைரா படத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"திரையை விலக்குனதும் எங்க அத்தை கத்துனாங்க. 'அண்ணன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்பவே அண்ணிக்கு வெள்ளை கட்டிட்டீங்களேடா'ன்னு. அப்பா பந்தல்லேருந்து எழுந்து போனவரு, இன்னும் சோறு திங்கல."

"எனக்குத் தெரியலைங்க, சார்."

"தெரியலைன்னா ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல? அப்பா நம்பர்தான் பில்லுலயே இருக்கே."

அவன் போனபின் அவள் முதலில் எடுத்த ஸ்கேனைத் திறந்தாள். இப்போது கண்ணில் அறைந்தது. கறை தாளில் படிவது. படத்தில் எது சேலை, எது கை என்று அதற்குத் தெரியாது. எல்லாவற்றின் மேலும் பரவிக்கொண்டு போகும். இந்த மஞ்சளோ சேலையின் கரையில் கத்தி வைத்து நறுக்கியதுபோல நின்றது. அதே பட்டைக்குள் இருந்த கை அவ்வளவு மஞ்சளாக இல்லை. வேலைக்கு வரும் புதியவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது.

அமிர்தலிங்கம் வந்து திரையைப் பார்த்தார். "இதுக்கு ஏன் இடிஞ்சுபோய் ஒக்காந்திருக்கே? சேலைக்கு மஞ்சளை ஊத்து, மூஞ்சில லேசா தடவு, பிரிண்ட் போட்டு அனுப்பு. அன்னைக்கு எந்த மஞ்சள்னு யாரு அளந்து பாக்கப்போறா?"

"அவரு பாப்பாருண்ணே."

"கெழவனுக்குக் கண்ணு தெரியுமா?"

"ஏற்கெனவே ஒருவாட்டி நானா முடிவு பண்ணியாச்சு. இன்னொருவாட்டி வேணாம்."

பாதி ஸ்கேனில் சேலையின் மஞ்சளும் கறையின் மஞ்சளும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. எவ்வளவு கறை என்று அதிலிருந்து சொல்ல முடியாது. முழுப்படம் வந்தால் முடியும். அதே பசைப்பட்டை துரைராசுவின் வேட்டி மேலும் ஓடுகிறது. வேட்டி எவ்வளவு மஞ்சளித்ததோ அவ்வளவை மட்டும் இருவர் மேலிருந்தும் இறக்கினால் போதும். அவர் வேட்டி வெளுக்கும். அவள் சேலை மஞ்சளாகவே நிற்கும். யாரையும் வெட்டாமல் செய்ய வேண்டியிருந்த வேலை.

பகலவனுக்குப் போன் போட்டு மூலப்படத்தைக் கேட்டாள். "அந்தப் படத்தை இனிமே யாரு கையிலயும் குடுக்கமாட்டேங்கிறாரு. வேட்டி மடிப்புலயே வச்சுக்கிட்டுத் திரியிறாரு. நீங்களே பேசிப் பாருங்க" என்று வைத்துவிட்டான்.

வேட்டி மடிப்பு. வேர்வை, மடிப்பு, வெற்றிலைப் பை. தாள் எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டபோது அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊரில் பேசுவது எனக்கும் எட்டிவிட்டதா என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். எட்டவில்லை என்று பொய் சொன்னேன்.

"வைக்கிறேன் காக்கா. வெள்ளாமை வேலை முடிஞ்சு இப்ப வீட்டுல இருப்பாரு. அந்த மாமாவுக்குப் போன் அடிக்கணும்."

அடித்தாள். மணி முழுக்கப் போய் நின்றது. மறுபடி அடித்தாள். வலங்கைமான் பக்கத்தில் எங்கோ ஒரு வீட்டில் அது அடித்துக்கொண்டேயிருந்தது.