மூன்றாம் கட்டத்தின் தேதி

தி.நகரில் கட்டட வேலை எடுத்துச் செய்த மேஸ்திரிகள் எல்லாரும் சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். சாந்தோம் ஆம்ப்ரோஸ் மட்டும் டைப் அடித்த கடிதம் கொடுத்தார். ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஓவர்சியராக இருந்து பிடித்த பழக்கம் அது. எழுபத்து நாலில் ஜவுளிக்கடை அய்யாதுரை அண்ணாச்சி கடைக்கு மேலே ஒரு மாடி எழுப்ப இவரைத் தேடி வந்ததும் அந்தக் கடிதத்துக்காகத்தான்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல, மகள் நோரா டைப் அடித்தாள். கையெழுத்தானதும் முன்பணம் நூற்றுக்குப் பத்து. தூண்கள் எழும்பியதும், ஆகஸ்ட் ஐந்து, இருபத்தைந்து. சுவர், ஜன்னல் மேல் லிண்டல் வரை, செப்டம்பர் பத்து, இருபது. மேல்தளம் காங்கிரீட் போட்டதும், அக்டோபர் பன்னிரண்டு, முப்பது. பூச்சு, தரை, வெள்ளை முடித்துச் சாவி கொடுக்க நவம்பர் ஐந்து, மீதிப் பதினைந்து. தீபாவளி நவம்பர் பதின்மூன்று. கச்சிதமான கடிதம்தான்.

அண்ணாச்சி மேல்தளத்து வரியில் மட்டும் விரலை வைத்தார்.

"கம்பும் பலகையுமா நிக்கதுக்கு எப்படிய்யா ரூவா குடுக்க? தளத்த நான் கண்ணால பாக்கணும்லா."

நியாயமாகத்தான் பட்டது. 'காங்கிரீட் போட்டதும்' என்பதை அடித்து, 'சென்ட்ரிங் கழற்றியதும்', அதாவது அந்தக் கம்பும் பலகையும் எடுத்ததும், என்று மாற்றினார் ஆம்ப்ரோஸ். வேலையை மாற்றியவர் தேதியை மாற்ற மறந்துவிட்டார். கையெழுத்துப் போட்ட நகல் திரும்பி வந்த அன்று நோராதான் அதைக் கண்டுபிடித்தாள்.

"டாடி, காங்கிரீட் போடற தேதியே கழட்டற தேதியா நிக்குது. வேற லெட்டர் அடிச்சிடட்டுமா?"

"வேணாம்மா. மூணு வாரம் முன்னாலேயே போட்டுடலாம்" என்றார்.

போட்டிருக்கலாம், சிமெண்ட் கிடைத்திருந்தால். அந்த வருஷம் சிமெண்டுக்குப் பர்மிட், பர்மிட்டுக்கு நடை, நடைக்கு மேல் நடை. மூட்டைகள் வந்து இறங்கி, தளம் போட்டு முடித்தபோது அக்டோபர் நாலு. நடுவில் இருபத்திரண்டு அடிக்கு ஒரு பீம். காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் முட்டுக் கம்புகள் இருபத்தொரு நாள் நிற்க வேண்டும் என்பது ஆம்ப்ரோஸுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நோரா கேட்காமலே இன்னொரு கடிதம் அடித்து வைத்தாள்: மூன்றாம் கட்டம் அக்டோபர் இருபத்தைந்து. நாலு நாள் அது மேஜையிலேயே கிடந்தது. தேதி தவறிய கடிதத்தைத் தன் பெயரில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சிகரெட் பெட்டிக்காரர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தார். என்ன மனுஷனோ! கையெழுத்துப் போட எத்தனை நேரம் ஆகும்?

பன்னிரண்டாம் தேதி காலை சென்ட்ரிங் மேஸ்திரி கரீமுல்லாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார்.

"எட்டு நாள்தான் சார் ஆவுது. உள்ள இன்னும் பச்சையா கீது" என்றார் கரீமுல்லா. "பலகைய எடுத்துக்கலாம். பீம் முட்டுல மட்டும் கை வெக்க வேணாம்."

"முட்டு நின்னா கழட்டினதா எப்படிச் சொல்றது?"

கரீமுல்லா மற்ற ஆட்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனார். முதல் முட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதைத் தட்டியபோது பீம் நடுவில் முறிந்து, அந்தப் பக்கத்துத் தளத்தோடு அப்படியே இறங்கியது.

கல்லையும் கம்பியையும் விலக்கி அவரை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கினார்கள்.

சேதி கேட்டு அண்ணாச்சி ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸியில் வந்து இறங்கினார். ஆம்ப்ரோஸ் நடந்ததைச் சொல்லி, கடைசியில், "இன்னிக்குத் தேதி பன்னெண்டு அண்ணாச்சி" என்றார்.

அண்ணாச்சிக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தீவாளிக்கு மாடிக் கட தொறக்கணும், அவ்வளவுதான். பன்னெண்டுக்கும் இருவத்தஞ்சுக்கும் எனக்கென்னய்யா? ஒரு வார்த்த கேட்டிருந்தா மாட்டேம்னா சொல்லப்போறேன்? அந்தத் தேதிய நானா போட்டேன்?"

திட்டியிருந்தால்கூட ஆம்ப்ரோஸ் தாங்கியிருப்பார்.

சற்றுத் தள்ளி, சுவரோரம், கரீமுல்லாவின் மனைவி அமீனா பீ உட்கார்ந்திருந்தாள். எப்படி நடந்தது என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளே எழுந்து வந்தாள்.

"முப்பது வருஷமா இதே வேல சார் அவுருக்கு. ஒரு தடவகூட இப்பிடி ஆனதில்ல. இன்னிக்கு எப்பிடி சார் தப்பு பண்ணாரு?"

"அவர் பண்ணலம்மா. வேணாம்னு சொன்னார்" என்றார் ஆம்ப்ரோஸ். "நான்தான் கழட்டச் சொன்னேன்."