நான் அழித்த வீடியோ

எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். மருந்துத் துண்டு, வங்கிக் கடிதம் எல்லாம் என்னிடம்தான் வரும். நானும் எல்லாம் தெரிந்தவள் மாதிரியே நடந்துகொள்வேன். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டிய வாய், வீட்டுக்கு வந்தாலும் அடங்காது.

என் அண்ணனின் மனைவி, அதாவது என் மச்சாள், ஒரு வீடியோ சானல் நடத்துகிறாள். கற்பிட்டிக் கரையில் மீன் வெட்டுவது, கருவாடு போடுவது, இவைதான் அதில் வரும். கதைப்பது அவள்தான். அண்ணன் ஒரேயொரு வீடியோவில்தான் வந்தான். பெரிய திருக்கை மீன் ஒன்றைக் கரையில் போட்டு, வாலிலிருக்கும் முள்ளை எடுப்பது எப்படி என்று காட்டிக்கொண்டே மச்சாளை நையாண்டி பண்ணுவான்.

அடுத்த வருடம் அவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது அப்பியாசக் கொப்பியில் எழுதித்தான் கதைக்கிறான். அந்த வீடியோவை எடுத்த போன் எப்போதோ களப்புத் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஆகவே அவன் குரல் மிச்சமிருந்தது அந்தச் சானலில் மட்டும்தான். பேரப்பிள்ளைகள் வந்தால் அதைப் போட்டுக் காட்டிவிட்டு, பெருமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு பின்னேரம் மச்சாள் போனோடு ஓடி வந்தாள். அந்தத் திருக்கை வீடியோவுக்கு ஸ்ட்ரைக், அதாவது விதியை மீறியதற்கான தண்டனைக் குறி, விழுந்திருந்தது. உயிரைக் கொடுமைப்படுத்தும் காட்சி என்று அந்தத் தளம் அதை நீக்கியிருந்தது. முன்பே வேறொரு வீடியோவுக்கு எச்சரிக்கை வந்திருந்ததால், இந்த முறை தண்டனை: ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், சானலில் எதுவும் ஏற்ற முடியாது. தொண்ணூறு நாளுக்குள் இப்படி மூன்று விழுந்தால் சானலே போய்விடும்.

"இப்ப என்ன செய்யிற மச்சாள்?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு நானும் மச்சாள்தான்.

தளம் அனுப்பியிருந்த கடிதத்தின் அடியில் மேன்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அதை வாசித்தேன், வாசித்தும் அலட்சியமாக விட்டேன். இரத்தம் தெரிகிற இடத்தை மட்டும் வெட்டிவிடலாமா என்று பார்த்தேன். நீக்கிய வீடியோவைத் திருத்த வழியிருக்கவில்லை. பிழையை ஒத்துக்கொண்டு, பிழையான பொருளையும் அப்புறப்படுத்திவிட்டால் தண்டனை குறையும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தே வளர்ந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

"சானல் முழுக்கப் போறதவிட இது ஒண்டு போறது நல்லந்தானே. அழிச்சா ஸ்ட்ரைக்கும் போயிரும்," என்றேன்.

மச்சாள் தயங்கினாள். "அதுல அவர்ட குரல் இருக்கு..."

"ஆராலயும் இப்ப பாக்க ஏலாதத வெச்சு என்ன செய்யிற?" என்று ஒரு அதட்டல் போட்டேன். போனை வாங்கி நானே அழித்தேன்.

அடுத்த நாள் பார்த்தால் ஸ்ட்ரைக் அப்படியே இருந்தது. சரி, மேன்முறையீடு செய்வோம் என்று தேடினால் அதற்கான பட்டனைக் காணவில்லை. சிலாபத்தில் மீன்பிடி வீடியோ போடுகிற ஒருவரின் போன் இலக்கத்தைத் தேடி எடுத்துக் கேட்டேன்.

"அழிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார். "அழிச்சாலும் ஸ்ட்ரைக் போகாது. அதுக்குப் பிறகு அப்பீல் பண்ணவும் ஏலாது. எனக்கும் சுறா வெட்டுற வீடியோக்கு இப்பிடித்தான் வந்திச்சு. அழிக்காம, இது சாப்பாட்டுக்குப் பிடிச்ச மீன் எண்டு எழுதினன். ரெண்டு நாளையில வீடியோவத் திருப்பித் தந்து, ஸ்ட்ரைக்கையும் எடுத்திட்டாங்க."

தளத்தின் உதவிப் பக்கத்தைப் பிறகு தேடி வாசித்தேன். அவர் சொன்னது அத்தனையும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம்தான்.

ஒரு கிழமை முடிந்ததும் மச்சாள் மறுபடி வீடியோ போட்டாள். தொண்ணூறு நாள் முடிந்ததும் ஸ்ட்ரைக் தன்பாட்டில் காலாவதியானது. நாங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தாலும் அது போயிருக்கும். சானலுக்கு ஒரு குறையும் இல்லை.

அவ்வளவு நாளும் மச்சாள் அண்ணனிடம், "நெட் சரியில்ல, தொறக்குதில்ல," என்று எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் வெட்கம் தாங்காமல் நானே போய், அழித்தது நான்தான் என்று அவனிடம் சொல்லி அழுதேன்.

அவன் கோபிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதி என் பக்கம் திருப்பினான்.

"அதுல நான் என்ன சொன்னனான்? சொல்லு."

முள்ளைப் பற்றி ஏதோ சொன்னான். மச்சாளைப் பார்த்தும் ஒன்று சொன்னான். கேமரா ஆடுகிற அளவுக்கு அவள் சிரித்தாள். அது என்ன கதை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. எப்போது வேண்டுமென்றாலும் பார்க்கலாம்தானே என்று, நான் அதை ஒரு தடவைக்கு மேல் பார்த்ததே இல்லை.