அமைச்சர் எந்தத் துறை?

ஜெபகுமாரி டீச்சர் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்குக் குடிமையியல் நடத்துகிறார். சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் அதைச் செயல்படுத்தும், நீதிமன்றம் வழக்கைத் தீர்க்கும், அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்றும் அறிவிக்கும். மூன்றும் தனித்தனி. ஆனால் சட்டமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே நம் நாட்டில் முழுச்சுவர் கிடையாது என்பதையும் அவர் சொல்லாமல் விடமாட்டார். உறுப்பினரல்லாத ஒருவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் அவையில் உறுப்பினராக வேண்டும். அவையின் நம்பிக்கையை இழந்தால் அமைச்சரவை முழுவதும் விலக வேண்டும்.

காலாண்டுத் தேர்வை அவ்வட்டாரத்துப் பள்ளிகள் சில கூடி நடத்தின. ‘அமைச்சர் எந்தத் துறையைச் சார்ந்தவர்? விளக்குக’ என்றொரு கேள்வி. அஜிஷா என்ற மாணவி, அமைச்சர் நிர்வாகத் துறையில் இருக்கிறார், அவையிலும் உறுப்பினர், அவைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருந்தாள். டீச்சர் முழு மதிப்பெண்ணான இரண்டையும் போட்டார்.

வடசேரிக்கு அருகே ஒரு பள்ளியில் நடந்த சரிபார்ப்பில் முத்துநாயகம் சார் அதைச் சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யமாக்கினார். ‘நிர்வாகத் துறை மட்டும்’ என்பதே விடைக்குறிப்பு. வினாத்தாளும் அவர் எழுதியது, விடைக்குறிப்பும் அவருடையது, தலைமைத் திருத்துநரும் அவரே. டீச்சர் பாடநூலைத் திறந்து காட்டினார். சார் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. இலையில் வைத்திருந்த ரசவடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மார்க்குக்கு என்னத்துக்கு டீச்சர் இந்தப் பாடு? ஆட்சேபணை உண்டும்னா எழுதித் தாருங்க, விசாரிக்கலாம்.”

“யாரு சார் விசாரிப்பா?”

“நான்தான். குறைதீர் குழுவுக்கும் நான்தானே தலைவர்.”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர்களும் அதே பாடத்தை நடத்துகிறவர்கள்.

“விதி போட்டதும் நீங்க, அத நடத்துனதும் நீங்க, வழக்குக் கேக்கதும் நீங்க. இத வச்சே நாளைக்கு நான் பாடம் எடுத்திருவேன் சார்,” என்றார் டீச்சர். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடாமல் எழுந்தார். சாரின் கைபட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விடைத்தாள்களைக் கைக்குட்டையால் துடைத்து எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் நடந்தது முழுவதையும், சாரின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, சொன்னார். மூன்று அதிகாரமும் ஒரு கையில் சேர்ந்தால் குறை சொல்ல வேறு இடமே இராது. அதனால்தான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றார். பின் அஜிஷாவின் தாளில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

“டீச்சர், அப்பம் லிஸ்ட்ல?”

“லிஸ்ட்ல பூஜ்யம்தான் மக்கா. எனக்கக் கையெழுத்து இல்லாமலே ஏத்திட்டாவ.”

“அரையாண்டுக்கும் இதே கேள்வி வந்தா நான் எப்பிடி எழுதணும்?”

அரையாண்டு வினாத்தாளையும் முத்துநாயகம் சார்தான் எழுதப் போகிறார்.

“நீ எழுதினதுதான் சரி,” என்றார்.

அஜிஷா தலையாட்டினாள். உட்கார்ந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, ‘அமைச்சர் – நிர்வாகத் துறை மட்டும்’ என்று எழுதி அடிக்கோடிட்டாள்.